காப்பிப் பழத்தோல் பானம்: சுவையும் கஃபீனும் பாதுகாப்பும்

காப்பி என்று நாம் அருந்துவது காப்பிப் பழத்தின் விதையை வறுத்துப் பொடித்து வடித்த நீராகும். அந்த விதையைச் சுற்றியுள்ள சிவந்த தோலும் அதனோடு ஒட்டிய சதையும் தோட்டத்திலேயே கழிக்கப்பட்டு விடுகின்றன. இவ்வாறு கழிக்கப்படும் தோலை உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து வடித்து அருந்தும் பானம் இன்று உலகச் சந்தையில் காஸ்கரா என்னும் பெயரால் விற்கப்படுகிறது. காஸ்கரா என்பது தோல் அல்லது ஓடு எனப் பொருள்படும் ஸ்பானிய மொழிச் சொல். கழிவு என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்கு விலை கிடைக்கும் என்னும் செய்தி குடகு, சிக்மகளூர், ஹாசன் மாவட்டங்களின் சிறு விவசாயிகளையும், ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் உள்ள பழங்குடிச் சாகுபடியாளர்களையும் இயல்பாகவே ஈர்க்கும். ஆயினும் களத்தில் கிடக்கும் எல்லாத் தோலும் பருகத் தகுந்தது அன்று. எது தகுந்தது, எது தகாதது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய பானம், புதிய பெயர்

பெயர் புதிதாயினும் பானம் பழையது. ஏமன் நாட்டில் இதனைக் கிஷ்ர் என்பர். முற்காலத்தில் அந்நாட்டின் காப்பி விதைகள் மோக்கா துறைமுகத்தின் வழியாக வெளிநாடுகளுக்குச் சென்றன. மலைச்சரிவுகளில் அதனைப் பயிரிட்டவர்களோ பெரும்பாலும் எஞ்சிய தோலை இஞ்சியுடன் கொதிக்கவைத்து அருந்தினர். எத்தியோப்பியாவின் ஹரார் பகுதியிலும் இவ்வழக்கம் உண்டு. தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டு மக்கள் இதனைச் சுல்தானா என்று அழைக்கின்றனர். நடு அமெரிக்காவில் எல் சால்வடார் நாட்டுத் தோட்ட உரிமையாளரான ஐடா பாட்லி, உலர்ந்த தோலின் நறுமணத்தைக் கண்டு அதனைத் தனிப் பொருளாகச் சந்தைக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர். ஐரோப்பிய ஒன்றியம் இதனைப் பிற நாட்டு மரபுவழி உணவாக ஏற்று, 2022-ம் ஆண்டு ஜனவரியில் தன் சந்தையில் விற்க அனுமதித்தது.

இப்பானத்தின் சுவை காப்பியை நினைவூட்டுவது அன்று. தோல் வறுக்கப்படுவதில்லை, ஆதலால் வறுத்த விதையின் கசப்பும் கருகல் மணமும் இதில் இல்லை. பேரீச்சையும் உலர்திராட்சையும் கலந்தாற்போன்ற இனிப்பும், புளியையும் செம்பருத்தி இதழையும் ஒத்த புளிப்பும், தேயிலையில் உள்ளது போன்ற மெல்லிய துவர்ப்பும் இதன் இயல்புகள். நிறம் செம்பழுப்பு. புளிப்பு உடைமையால் பாலுடன் இது பொருந்துவதில்லை. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 20 கிராம் தோல் இட்டு, நான்கு முதல் ஆறு நிமிடம் ஊறவைத்து வடிப்பது பொதுவான முறை.

இரண்டு வகைத் தோல்கள்

இதுவரை தோல் என்று பொதுவாகக் குறித்தோம். காப்பி பதப்படுத்தும் இரு முறைகளிலிருந்து இரண்டு வேறுபட்ட பொருள்கள் கிடைக்கின்றன என்பதை இனிக் கருத வேண்டும்.

முதலாவது ஈரமுறை. பறித்த பழங்களை அன்றே பல்பர் என்னும் இயந்திரத்தில் இட்டுத் தோலை உரித்துவிடுவர். விதை, அதன் மீதுள்ள காகிதம் போன்ற உறையுடன் தனியே உலர்த்தப்படுகிறது. இதுவே பார்ச்மெண்ட் காப்பி. இம்முறையில் பழத்தோல் ஈரமாகவும் புதிதாகவும், விதையினின்று முற்றிலும் பிரிந்தும் கிடைக்கிறது.

இரண்டாவது உலர்முறை. பழத்தை உரிக்காமல் முழுதாகவே களத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பர். நம் நாட்டில் இதற்கு இரண்டு வாரம் அளவில் ஆகும். இது செர்ரி காப்பி எனப்படும். பின்னர் ஆலையில் இதனை உடைத்து விதையைப் பிரிக்கும்போது தோல், காய்ந்த சதை, காகித உறை ஆகிய மூன்றும் சேர்ந்த உமி வெளிவருகிறது. இந்த உமி பெருமளவில், எளிதாக, உலர்ந்த நிலையிலேயே கிடைக்கிறது. காஸ்கராவுக்கு விலை உண்டு என்று கேள்விப்படுபவரின் கண்ணில் முதலில் படுவது இந்த உமிதான். ஆனால் மிகுந்த எச்சரிக்கைக்கு உரியதும் இதுவே.

பூஞ்சண நச்சு

முழுப்பழம் மெதுவாக உலரும்போது அதன் சர்க்கரை நிறைந்த சதை பல நாள் ஈரமாகவே இருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் இனத்தைச் சேர்ந்த சில பூஞ்சணங்கள் அங்கே வளர்ந்து ஓக்ராடாக்ஸின் ஏ என்னும் நச்சுப்பொருளை உண்டாக்கக் கூடும். இது சிறுநீரகத்தைப் பாதிப்பது. மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியதாக இருக்கலாம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1993-ம் ஆண்டில் இதனை வகைப்படுத்தியுள்ளது.

இந்நச்சு பழத்தின் எப்பகுதியில் தங்குகிறது என்பதே நமக்கு முக்கியம். தாய்லாந்தில் வெயிலில் உலர்த்தப்பட்ட ரோபஸ்டா பழங்களை ஆராய்ந்து 2000-ம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, நச்சு பெரும்பாலும் உமியிலேயே இருந்தது. உமி நீக்கிய விதையில் மிகச் சிறு அளவே காணப்பட்டது. காப்பி அருந்துவோருக்கு இது ஆறுதலான செய்தி. நச்சேறிய பகுதி நீக்கப்படுகிறது. எஞ்சியதிலும் ஒரு பங்கு வறுக்கும்போது அழிகிறது. உமியையே ஊறவைத்து அருந்துவோருக்கு இந்த இரண்டு காப்புகளும் இல்லை. அவர் அருந்துவது நீக்கப்பட வேண்டிய அப்பகுதியைத்தான். அது வறுக்கப்படுவதும் இல்லை. வெந்நீரின் சூடு இந்நச்சை அழிக்கப் போதாது. எனவே விதைக்குப் போதுமானதாக இருந்த உலர்த்தும் முறை தோலுக்குப் போதுமானது ஆகாது.

ஏமன் மக்கள் உலர்முறைப் பழத்தின் தோலையே நெடுங்காலமாக அருந்தி வருகின்றனரே என்று கேட்கலாம். அந்நாட்டின் மலைப்பகுதியில் காற்று மிக வறண்டது. வீட்டின் மொட்டை மாடியில் பரப்பிய பழம் விரைவில் காய்ந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அறுவடை தொடங்கும் நவம்பர் மாதத்திலோ புயல் மழைகளும் காலைப் பனியும் மேகமூட்டமும் இயல்பானவை. ஆகவே அந்நாட்டு அனுபவம் நமக்கு முழுச் சான்று ஆகாது. நம் சூழ்நிலைக்கு ஏற்றது, ஈரமுறையில் உரித்த புதிய தோலைத் தனியே, விரைவாக உலர்த்துவதே.

நூறு கிலோ பழத்தின் கணக்கு

இதனை ஒரு கணக்கின் மூலம் காண்போம். நன்கு பழுத்த 100 கிலோ அராபிகா பழத்தை உரித்தால் ஏறத்தாழ 40 கிலோ ஈரத்தோல் கிடைக்கும். அதில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று அதிகமாக நீரே உள்ளது. ஈரம் 12 சதவீதத்துக்குக் குறையும்வரை உலர்த்தினால் எஞ்சுவது சுமார் 10 கிலோ. அதாவது 30 லிட்டர் நீர் காற்றோடு போக வேண்டும். தோல் மெல்லியதாதலால், நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாளில் இது இயலும். அதற்குச் சில படிகள் தவறாமல் பின்பற்றப்பட வேண்டும்.

பழுத்த பழங்களை மட்டுமே பறித்தல் முதற்படி. கீழே உதிர்ந்து கிடந்தவை மண்ணின் பூஞ்சணத்தோடு வருபவை, அவற்றைச் சேர்க்கலாகாது. பின்னர் பழங்களைத் தூய நீரில் இட வேண்டும். காய்த்துளைப்பான் என்னும் வண்டு குடைந்தவையும் பொக்கானவையும் மிதக்கும். அவற்றை நீக்கிவிட வேண்டும். இவ்வண்டு நம் நாட்டில் 1990-ம் ஆண்டில் நீலகிரி மாவட்டத்தின் கூடலூர்ப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்டது. அது குடைந்த துளை பூஞ்சணத்துக்கு வாயிலாகிறது.

அடுத்து, உரிக்கும் இயந்திரத்தில் பழைய தோலின் எச்சம் இருத்தல் கூடாது. பயன்படுத்திய நீரையே மீண்டும் விடுதலும் கூடாது. உரித்த தோலைக் குவியலாகச் சில மணி நேரம் விட்டாலே நொதித்தல் தொடங்கிவிடும். உடனே எடுத்துத் தரைக்கு மேல் வலை கட்டிய பரணில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு மிகாமல் பரப்ப வேண்டும். முதல் நாளில் மணிக்கொரு முறை கிளறிவிடுதல் அவசியம். இரவில் பனி படாமல் மூட வேண்டும். முதல் இரு நாளில் வானம் மூடியிருந்தால், வெப்பக்காற்று உலர்த்தி இல்லாதவர் அன்றைய தோலை எருக்குழிக்கு அனுப்பிவிடுவதே நலம்.

உலர்ந்த சரக்கைக் கண்ணாலும் மூக்காலும் ஓரளவு மதிப்பிடலாம். நல்ல தோல் செம்பழுப்பு நிறத்துடன், ஒன்றோடொன்று ஒட்டாமல், கையில் எடுத்தால் சலசலக்கும். உலர்பழ மணம் வீசும். வெண்மையோ பசுமையோ கலந்த படலம், கட்டி பிடித்தல், கறுத்த நிறம், மட்கிய வாடை, காடி நெடி ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் அந்தச் சரக்கு முழுவதையும் விலக்க வேண்டும். கெட்டதைப் பொறுக்கிவிட்டு மற்றதை விற்றல் தகாது. ஆனால் நச்சு கண்ணுக்குத் தெரியாது. பூஞ்சணம் காய்ந்து உதிர்ந்த பின்னும் அது உண்டாக்கிய நச்சு தோலில் தங்கியிருக்கும். ஆகையால் விற்பனைக்கு அனுப்பும் ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தல் தவிர்க்க இயலாதது.

மருந்துத் தெளிப்பின் எச்சம்

தோலைக் குறித்து மற்றொரு கேள்வியும் எழுகிறது. செடிக்குத் தெளிக்கும் மருந்து எதுவாயினும் அது முதலில் படிவது பழத்தின் மேல்தோலில். விதை உள்ளே மறைந்திருப்பதால் அதில் எச்சம் குறைவு. நம் தோட்டங்களில் இலைத்துரு நோயையும் கறுப்பழுகல் நோயையும் தடுக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை பல ஆண்டுகளாகத் தெளிக்கப்படுகிறது. மயில்துத்தத்தில் உள்ள செம்பு தோலில் தங்கக்கூடும். பூச்சிமருந்துகளுக்கும் இது பொருந்தும். ஆகவே பானத்துக்கென ஒதுக்கும் பகுதியை அறுவடை நாளில் அன்று, பருவத்தின் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டும். அப்பகுதியில் எந்நாளில் எந்த மருந்து தெளிக்கப்பட்டது என்னும் குறிப்பேடு இருத்தல் வேண்டும். பல சிறு தோட்டங்களின் தோலை ஒன்றாகச் சேர்க்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இது இன்னும் இன்றியமையாதது. ஒருவரின் சரக்கில் உள்ள குறை அனைவரின் சரக்கையும் கெடுக்கும்.

கஃபீன் எவ்வளவு?

தோல்தானே, இதில் கஃபீன் இராது என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. விதையைவிடத் தோலில்தான் கஃபீன் மிகுதி என்று கூறுவோரும் உளர்; அதுவும் தவறு. சுவிட்சர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் பல நாடுகளின் உலர்தோலைப் பகுத்து 2017-ம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, ஒரு கிராம் தோலில் 3.4 முதல் 6.8 மில்லிகிராம் வரை கஃபீன் உள்ளது. வகைக்கு வகை இந்த அளவு இரு மடங்குவரை வேறுபடுகிறது.

ஒரு கோப்பையில் எவ்வளவு சேரும் என்பது இடும் தோலின் அளவைப் பொறுத்தது. நடுத்தரமாகக் கிராமுக்கு 5 மில்லிகிராம் என்று கொள்வோம். லிட்டருக்கு 20 கிராம் தோல் இட்டு, அதன் கஃபீன் முழுவதும் நீரில் இறங்கினாலும் லிட்டருக்கு 100 மில்லிகிராமே ஆகும். 150 மில்லிலிட்டர் கொண்ட கோப்பையில் இது 15 மில்லிகிராம். மேற்சொன்ன சுவிஸ் ஆய்வாளர்கள் தயாரித்த பானத்தில் லிட்டருக்கு 226 மில்லிகிராம் இருந்தது. அதாவது கோப்பைக்கு 34 மில்லிகிராம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-ம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், அதே 150 மில்லிலிட்டர் கோப்பைக்கு, வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராமும், உடனடிக் காப்பியில் 50 முதல் 65 மில்லிகிராமும், தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராமும் கஃபீன் இருப்பதாகக் கூறப்பட்டுள்ளது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது அதன் அறிவுரை. இவற்றை ஒப்பிட்டால், இளஞ்செறிவான காஸ்கரா ஒரு கோப்பைத் தேநீரின் கீழெல்லையில் பாதியளவும், செறிவானது ஏறத்தாழ இளந்தேநீர் அளவும் கஃபீன் தருவது விளங்கும்.

ஆகவே இதனைக் கஃபீன் அற்றது என விற்றல் பொய்யாகும். குழந்தைகளுக்கு இது உகந்ததன்று. கருவுற்ற மகளிரும் பாலூட்டும் தாய்மாரும், கஃபீனால் உறக்கம் கெடுபவர்களும், படபடப்பு உள்ளவர்களும் காப்பி, தேநீரோடு இதனையும் அன்றாடக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் ஒரு பானத்தின் கஃபீன் லிட்டருக்கு 150 மில்லிகிராமை விஞ்சினால் அதனைக் கொள்கலத்தின் மேல் எச்சரிக்கையாக அச்சிட வேண்டும் என்பது விதி. ஒரே தோல், இடும் அளவைப் பொறுத்து இந்த எல்லைக்கு உட்பட்டதாகவும் மேற்பட்டதாகவும் ஆகலாம் என்பதை நம் கணக்கே காட்டுகிறது. எத்தனை கிராம், எவ்வளவு நீர் என்னும் குறிப்பு பொட்டலத்தின் மீது இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

பெயரால் வரும் குழப்பம்

காஸ்கரா சக்ராடா என்னும் பெயரில் வேறொரு பொருள் உண்டு. அது வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் ஒரு மரத்தின் பட்டை. கடுமையான பேதி மருந்தாகப் பயன்பட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002-ம் ஆண்டில், மருத்துவர் சீட்டின்றி விற்கும் பேதி மருந்துகளின் பட்டியலிலிருந்து அதனை நீக்கியது. காப்பித் தோலுக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு தொடர்பு இல்லை. எனினும் வாங்குவோர் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளாதிருக்க, காப்பிப் பழத்தோல் என்னும் விளக்கம் பொட்டலத்தில் இடம்பெறுதல் நன்று. தேநீர் என்னும் பெயரும் பொருந்தாது. அது தேயிலைச் செடியின் இலைக்கு உரியது. மேலும், நம் நாட்டில் மரபாக உண்ணப்படாத உணவுப்பொருளை விற்கும் முன் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் அனுமதி தேவை என 2017-ம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. தம் சரக்கு அதற்கு உட்படுகிறதா என்பதை முதலீடு செய்யும் முன்பே ஆணையத்திடம் தெளிவுபடுத்திக்கொள்வது விற்பனையாளரின் கடமை.

விவசாயியின் ஆதாயம்

இறுதியாக வரவு செலவைக் காண்போம். பரணில் ஒரு சதுர மீட்டருக்கு 4 கிலோ ஈரத்தோல் பரப்பலாம் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு டன் பழம் உரிக்கும் தோட்டத்தில் 400 கிலோ தோல் சேரும். அதற்கு 100 சதுர மீட்டர் வேண்டும். உலர மூன்று நாள் ஆவதால் எந்நேரமும் 300 சதுர மீட்டர் இதற்கே தேவைப்படும். அதே நாட்களில் பார்ச்மெண்ட் காப்பிக்கும் களமும் ஆளும் வேண்டும். மழை வந்தால் விவசாயி முதலில் காக்க நினைப்பது விதையையே, தோல் நனையும். எனவே அறுவடை முழுவதன் தோலையும் பானமாக்க முற்படுவதைவிட, கவனித்துப் பேணக்கூடிய ஒரு பங்கை மட்டும் ஒதுக்குவதே அறிவுடைமை.

மற்றொரு செலவு எளிதில் கண்ணில் படாதது. தோல் இன்றும் முற்றிலும் வீணாகும் பொருள் அன்று. எருவாக மட்கி மண்ணுக்குத் திரும்பும்போது அது பொட்டாஷ் சத்தை மிகுதியாகத் தருகிறது. தோலை விற்பவர் அந்தச் சத்தையும் விற்றுவிடுகிறார். அதனைக் கடையில் வாங்கி ஈடுசெய்ய வேண்டும். கிடைக்கும் விலையிலிருந்து உலர்த்தும் கூலி, பரண், ஆய்வுக் கட்டணம், மழையில் இழந்த பங்கு, உரத்தின் விலை ஆகியவற்றைக் கழித்து மிஞ்சுவதே உண்மையான ஆதாயம். மறுபுறம், ஈரத்தோல் குவியலிலிருந்து வடியும் நீர் ஓடைகளை மாசுபடுத்துகிறது. ஒரு பங்கைப் பிரித்து உலர்த்துவதால் அந்தத் தொல்லை அந்த அளவுக்குக் குறையும். இதனையும் வரவில் சேர்க்கலாம்.

ஆகவே விரிவாக்கப் பணியாளர் ஒருவரிடம் உலர்ந்த தோலைக் காட்டி, இதனை விற்கலாமா என்று விவசாயி கேட்டால், அவர் திரும்பக் கேட்க வேண்டியவை மூன்று கேள்விகளே: இது உரித்த தோலா, உடைத்த உமியா? உரித்த எத்தனை மணி நேரத்தில் பரப்பப்பட்டு, எத்தனை நாளில் உலர்ந்தது? இந்தப் பகுதியில் என்ன மருந்து, எப்போது தெளிக்கப்பட்டது? மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தால் அந்தத் தோலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில் அதற்கு ஏற்ற இடம் எருக்குழியே.